ஒப்பந்தக் குறிப்பின் புகைப்படத்தைப் படிப்பது எப்படி: பங்கின் மதிப்பு எது, தரகு எது, வரி எது?

பங்கு வாங்கினாலோ விற்றாலோ தரகு நிறுவனம் நமக்கு அனுப்பும் கணக்குத் தாளுக்கு ஒப்பந்தக் குறிப்பு என்று பெயர். எந்த நிறுவனத்தின் பங்கு, எத்தனை, என்ன விலை, அதற்கு மேல் யார் யாருக்கு எவ்வளவு போயிற்று என்பதெல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கும். டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் என் அத்தை, ஓய்வு பெற்ற பிறகு முதன்முறையாக ஜொஹானஸ்பர்க் பங்குச் சந்தையில் பங்கு வாங்கியபோது, அந்தத் தாளைக் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினார். தாளின் எழுத்து பொடியாக இருந்ததால் அவரும் படத்தைப் பெரிதாக்கித்தான் படித்திருந்தார். உடனே தொலைபேசியில் அழைத்து, "தம்பி, 240 பங்கு கேட்டேன், 180தான் போட்டிருக்கிறது. அதற்கு 15,228 ராண்ட்தான் ஆகிறது, ஆனால் 20,497 ராண்ட் எடுத்திருக்கிறார்கள். ஐயாயிரத்துக்கு மேல் கட்டணமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. படத்தில் தெரிந்த எண்களை வைத்துப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தப் படத்தின் நடுவே தாளின் மடிப்பு விழுந்து, மூன்று வரிகளை நிழல் மறைத்திருந்தது. மறைந்த வரிகளில் என்ன இருந்திருக்கும் என்பதை மறையாத வரிகளைக் கொண்டே கண்டுபிடிக்க முடிந்தது. வரியும் தரகும் பங்கின் மதிப்பிலிருந்து இன்ன விகிதத்தில் கணக்கிடப்படுகின்றன என்று தெரிந்தால், அந்தச் சிறிய தொகைகளே பெரிய தொகையைக் காட்டிக் கொடுத்துவிடும். அதை எப்படிச் செய்வது என்பதை அத்தையின் குறிப்பை வைத்தே விளக்குகிறேன்.

முதலில் எண்கள் அச்சிடப்படும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் தொடக்கத்திலேயே தவறு நேரும் இடம் அதுதான். ஜொஹானஸ்பர்க் சந்தையில் பங்கின் விலை ராண்டில் சொல்லப்படுவதில்லை, சென்ட்டில்தான் சொல்லப்படுகிறது. குறிப்பில் விலை என்ற இடத்தில் 8 460 என்று இருந்தால், அது எட்டாயிரத்து நானூற்று அறுபது ராண்ட் அன்று, 84 ராண்ட் 60 சென்ட். அதே தாளில் மதிப்பு, தரகு, வரி ஆகியவை ராண்டில் இருக்கும். எனவே எண்ணிக்கையையும் விலையையும் பெருக்கிய பிறகு 100ஆல் வகுத்தால்தான் பக்கத்தில் உள்ள மதிப்பு வரும். 180ஐ 8 460ஆல் பெருக்கினால் 15,22,800 சென்ட். நூறால் வகுத்தால் 15,228 ராண்ட்.

அடுத்தது காற்புள்ளி. தென்னாப்பிரிக்காவில் பல ஆவணங்களில் ஆயிரத்தைப் பிரிக்க இடைவெளியும், சென்ட்டைப் பிரிக்கக் காற்புள்ளியும் பயன்படுகின்றன. நாம் 20,316.00 என்று எழுதுவதை அங்கே 20 316,00 என்று அச்சிடுவார்கள். (இந்தக் கட்டுரையில் நமக்குப் பழகிய முறையையே பயன்படுத்துகிறேன்.) படம் சற்று மங்கினால் முதலில் காணாமல் போவது இந்தக் காற்புள்ளிதான், அப்போது 50,79 என்ற தொகை 5079 போலத் தெரியும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் கைபேசிச் செயலிகளிலும் இந்தப் பிழை நேரும். ராண்டில் உள்ள எந்தத் தொகையையும் படிக்கும்போது, கடைசி இரண்டு இலக்கங்கள் சென்ட் என்று வைத்துக்கொண்டு, அதற்கு முன் புள்ளி தெரிகிறதோ இல்லையோ மனத்தில் ஒன்றை இட்டுக்கொள்வது பாதுகாப்பானது.

இப்போது அத்தையின் படத்தில் தெளிவாகத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். மேலே, மடிப்புக்கு முன், 180 பங்குகள், விலை 8 460, மதிப்பு 15,228.00 என்ற ஒரே வரி. மடிப்புக்குக் கீழே தரகு 101.58, ஸ்ட்ரேட் கட்டணம் 12.40, முதலீட்டாளர் பாதுகாப்புத் தீர்வை 0.04, வாட் 17.10, எஸ்.டி.டி. 50.79. கடைசியாக, செலுத்த வேண்டிய மொத்தம் 20,497.91.

இந்த ஐந்து சிறிய தொகைகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. தரகு என்பது தரகு நிறுவனம் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் கூலி. அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், பேரம் பேசவும் இடமுண்டு. ஐந்தில் நாம் தரகரை மாற்றிக் குறைக்கக்கூடியது பெரும்பாலும் இது ஒன்றுதான். அத்தையின் நிறுவனத்தில் அது மதிப்பில் அரை விழுக்காடு.

ஸ்ட்ரேட் கட்டணமும் பாதுகாப்புத் தீர்வையும் சந்தையின் அமைப்புக்காக வாங்கப்படுபவை. இங்கே பங்குகள் காகிதச் சான்றிதழாக இல்லாமல் மின்னணுப் பதிவாக இருக்கின்றன. அந்தப் பதிவை ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு மாற்றித் தீர்வு செய்யும் மைய அமைப்பின் பெயர்தான் ஸ்ட்ரேட். வர்த்தகம் நடந்த நாளிலிருந்து மூன்றாவது வேலை நாளில் பணமும் பங்கும் கைமாறுகின்றன. பாதுகாப்புத் தீர்வை இத்தகைய சிறிய வர்த்தகத்தில் சில சென்ட்டுக்கு மேல் வராது. இவை தரகரின் கைவழியாகப் போகின்றனவே தவிர, அவருடைய கூலி அல்ல. சில நிறுவனங்கள் இவற்றைத் தீர்வு மற்றும் நிர்வாகக் கட்டணம் என்று ஒரே வரியில் சேர்த்துப் போடுவதுண்டு. அப்படிச் சேர்த்திருந்தால் அதில் நிறுவனத்தின் சொந்தக் கட்டணமும் கலந்திருக்கக்கூடும் என்பதால், கட்டண அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

மீதமுள்ள இரண்டும் வரிகள். இரண்டும் கடைசியில் வருவாய்த் துறையான சார்ஸுக்குத்தான் போகின்றன என்றாலும், அவை எதன் மீது விதிக்கப்படுகின்றன என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. எஸ்.டி.டி. என்பது பங்குப் பரிமாற்ற வரி. 2008 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த வரி, வாங்கிய பங்கின் முழு மதிப்பின் மீது 0.25 விழுக்காடு. வாட் என்பது சேவைக்கான வரி, எனவே அது பங்கின் மதிப்பைத் தொடுவதே இல்லை. தரகு போன்ற கட்டணங்களின் மீது மட்டும் 15 விழுக்காடு விதிக்கப்படுகிறது. எஸ்.டி.டி. மீது வாட் கிடையாது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் குறிப்பின் பாதி புரிந்துவிடும்: 15 விழுக்காடு என்பது பெரிய விகிதமாகத் தோன்றினாலும் சிறிய தொகையின் மீது விழுகிறது. கால் விழுக்காடு என்பது மிகச் சிறிய விகிதம், ஆனால் பெரிய தொகையின் மீது விழுகிறது. அத்தையின் குறிப்பில் வாட் 17.10 ஆகவும், எஸ்.டி.டி. அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்காகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இனி மடிப்புக்குள் போகலாம். செலுத்த வேண்டிய மொத்தத்திலிருந்து ஐந்து தொகைகளையும் கழித்தால் பங்கின் மதிப்பு மட்டும் எஞ்ச வேண்டும். ஐந்தையும் கூட்டினால் 181.91. 20,497.91இலிருந்து 181.91ஐக் கழித்தால் 20,316.00. படத்தில் தெரிந்த 15,228.00க்கும் இதற்கும் பொருந்தவில்லை. ஒன்று, ஆறாவதாக ஏதோ ஒரு பெரிய கட்டணம் மடிப்பில் மறைந்திருக்க வேண்டும். அல்லது, இன்னும் சில பங்குகள் மறைந்திருக்க வேண்டும். இரண்டில் எது என்பதைக் கழித்தல் கணக்கு மட்டும் சொல்லாது. அதைச் சொல்வது எஸ்.டி.டி.

எஸ்.டி.டி. மதிப்பில் 0.25 விழுக்காடு, அதாவது நானூற்றில் ஒரு பங்கு. எனவே எஸ்.டி.டி.யை 400ஆல் பெருக்கினால் பங்கின் மதிப்பு திரும்பக் கிடைக்கும். 50.79ஐ 400ஆல் பெருக்கினால் 20,316. தரகு அரை விழுக்காடு, அதாவது இருநூற்றில் ஒரு பங்கு. 101.58ஐ 200ஆல் பெருக்கினாலும் 20,316. உண்மையிலேயே 15,228 ராண்டுக்கு மட்டும் பங்கு வாங்கியிருந்தால் எஸ்.டி.டி. 38.07 ஆக இருந்திருக்கும், தரகு 76.14 ஆக இருந்திருக்கும். ஆகவே மறைந்திருப்பது கட்டணமன்று, பங்குகள்தான் என்று உறுதியாயிற்று. மறைந்த பங்குகளின் மதிப்பு 20,316இலிருந்து 15,228ஐக் கழித்த 5,088 ராண்ட். அத்தை கேட்டது 240, தெரிந்தது 180, எனவே மறைந்தது 60. 5,088ஐ 60ஆல் வகுத்தால் 84 ராண்ட் 80 சென்ட்.

ஒரே உத்தரவு ஏன் இரண்டு வரியாக வந்தது என்று அத்தைக்கு அடுத்த சந்தேகம். சந்தையில் அந்த நேரத்தில் 84.60க்கு விற்பதற்கு 180 பங்குகளே இருந்திருக்கும். அவை தீர்ந்தவுடன் அடுத்த விலைக்கு விற்க நின்றவரிடமிருந்து மீதி 60 வாங்கப்பட்டிருக்கும். இது வழக்கமாக நடப்பது. அப்படிப் பல வரிகளாக வரும்போது குறிப்பின் கீழே மொத்த எண்ணிக்கையும் சராசரி விலையும் தரப்பட்டிருக்கும். இங்கே 240 பங்குகளும் சராசரி விலை 8 465ம் இருந்திருக்க வேண்டும். துரதிர்ஷ்டவசமாக அந்த வரியும் மடிப்புக்குள்தான் இருந்தது.

வாட் தொகையையும் இதேபோல் சரிபார்க்கலாம். தரகும் ஸ்ட்ரேட் கட்டணமும் சேர்ந்து 113.98, பாதுகாப்புத் தீர்வையையும் சேர்த்தால் 114.02. எதன் 15 விழுக்காட்டைக் கணக்கிட்டாலும் சென்ட்டுக்குச் சுருக்கியபின் 17.10 தான் வருகிறது. படத்தில் அந்த ஏழு ஒன்றைப் போலத் தெரிந்து 11.10 என்று படித்திருந்தால், இந்தக் கணக்கு உடனே அதைத் திருத்தியிருக்கும்.

இந்த வழிக்கு எல்லைகள் உண்டு. வரி சென்ட் வரைதான் அச்சிடப்படுகிறது, அதற்குக் கீழுள்ளது சுருக்கப்படுகிறது. எஸ்.டி.டி.யில் அரை சென்ட் வேறுபாடு இருந்தால், 400ஆல் பெருக்கும்போது அது இரண்டு ராண்டாக விரியும். ஆகவே 50.79 என்ற எஸ்.டி.டி. உண்மையில் சொல்வது, மதிப்பு 20,314க்கும் 20,318க்கும் இடையே இருக்கிறது என்பதுதான். 240 பங்குகள் இருக்கும்போது விலையில் ஒரு சென்ட் மாறினால் மதிப்பில் 2.40 ராண்ட் மாறுகிறது, எனவே இந்த எல்லைக்குள் ஒரே ஒரு சராசரி விலைதான் பொருந்தும். அதுவே 20 பங்குகளாக இருந்தால் ஒரு சென்ட்டுக்கு மதிப்பில் 20 சென்ட்தான் மாறும், அந்த எல்லைக்குள் பல விலைகள் பொருந்திவிடும். சிறிய வர்த்தகத்தில் விலையின் கடைசி இலக்கம் மங்கியிருந்தால் எஸ்.டி.டி.யை நம்பி அதை நிரப்பக் கூடாது, அசல் ஆவணத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

தரகை வைத்துத் திருப்பிக் கணக்கிடுவதில் வேறொரு கண்ணி இருக்கிறது. பல நிறுவனங்கள் ஒரு வர்த்தகத்துக்குக் குறைந்தபட்சத் தரகு என்று ஒரு தொகையை வைத்திருக்கின்றன. வர்த்தகம் சிறியதாக இருந்தால் விகிதம் பேசாது, அந்தக் குறைந்தபட்சம்தான் விழும். அப்போது தரகை 200ஆல் பெருக்கினால் கிடைப்பது பொய்யான மதிப்பு. எஸ்.டி.டி.யும் தரகும் வெவ்வேறு மதிப்புகளைச் சொன்னால் நான் எஸ்.டி.டி. பக்கம்தான் நிற்பேன், ஏனென்றால் அதன் விகிதம் சட்டத்தில் இருக்கிறது. தரகின் விகிதம் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

எஸ்.டி.டி. வரியே இல்லாத வாங்கல் குறிப்பும் உண்டு. ஈ.டி.எஃப். எனப்படும் சந்தையில் வர்த்தகமாகும் நிதிகளின் அலகுகளை வாங்கும்போது இந்த வரி விதிக்கப்படுவதில்லை. அங்கே அந்த வரி காணவில்லையே என்று பதற வேண்டியதில்லை. பழைய குறிப்புகளைப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2018 ஏப்ரல் 1க்கு முன் வாட் 14 விழுக்காடாக இருந்தது. எனவே 2016இல் வாங்கிய பங்கின் குறிப்பை 15ஐக் கொண்டு சரிபார்த்தால் சரியான கணக்கும் தவறாகத் தெரியும்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் காணொளிகளைப் பார்த்துப் பங்குச் சந்தையைக் கற்றுக்கொள்பவர்கள் நம்மிடையே பலர் இருப்பதால் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியக் குறிப்பிலும் எஸ்.டி.டி. என்ற அதே எழுத்துகள்தான் இருக்கும், ஆனால் அது வேறு வரி. அங்கே அது பரிவர்த்தனை வரி, பங்கை எடுத்து வைத்துக்கொள்ளும் வர்த்தகத்தில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 விழுக்காடு விழும். இங்கே அது பரிமாற்ற வரி, வாங்கும்போது மட்டும் விழும். அங்கே கட்டணங்களின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., இங்கே 15 விழுக்காடு வாட். அந்தக் காணொளியின் விகிதங்களைக் கொண்டு நம் குறிப்பைச் சரிபார்த்தால் எதுவும் பொருந்தாது.

சில மாதங்கள் கழித்து அத்தை அந்த 240 பங்குகளையும் 90 ராண்ட் 20 சென்ட்டுக்கு விற்றார். விற்பனைக் குறிப்பைப் படிக்கும்போது திசை மாறுகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். வாங்கும்போது கட்டணங்கள் மதிப்போடு கூட்டப்படும், விற்கும்போது மதிப்பிலிருந்து கழிக்கப்படும். மதிப்பு 21,648.00, தரகு 108.24, ஸ்ட்ரேட் 12.40, தீர்வை 0.04, வாட் 18.10. எஸ்.டி.டி. இல்லை. கட்டணங்கள் 138.78 போக, கைக்கு வந்தது 21,509.22.

அத்தை இரண்டு விலைகளின் வேறுபாட்டை மட்டும் எடுத்து, பங்குக்கு 5.55 வீதம் 1,332 ராண்ட் லாபம் என்று எழுதி வைத்திருந்தார். உண்மையில் அவர் கொடுத்தது 20,497.91, அவருக்கு வந்தது 21,509.22, எனவே லாபம் 1,011.31தான். இரண்டுக்கும் இடையே உள்ள 320.69, இரு குறிப்புகளிலும் உள்ள கட்டணங்களின் கூட்டுத்தொகை. கட்டணங்களையும் பங்கின் மதிப்பையும் பிரித்து வைப்பதன் நேரடிப் பயன் இங்கேதான் தெரிகிறது. மூலதன ஆதாய வரிக்கு ஆதாயத்தைக் கணக்கிடும்போது, வாங்கியதற்கான அடக்க விலையில் தரகையும் அதன் வாட்டையும் எஸ்.டி.டி.யையும் சேர்த்துக்கொள்ளலாம், விற்றதற்கான தரகையும் கணக்கில் கொள்ளலாம். குறிப்புகளைத் தொலைத்துவிட்டு வெறும் பங்கு விலையை மட்டும் வைத்துக் கணக்கிடுபவர், தமக்கு வராத 320 ராண்டையும் ஆதாயமாகக் காட்டுகிறார்.

படம் எடுப்பதைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். தரகு நிறுவனங்கள் குறிப்பை மின்னஞ்சலிலும் அனுப்புகின்றன. அந்தக் கோப்பு இருந்தால் படமே வேண்டாம். தாள்தான் இருக்கிறது என்றால் மடிப்பை நீவி, சாளர வெளிச்சத்தில் நேர் மேலிருந்து எடுத்து, வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அல்லாமல் ஆவணமாக இணைத்து அனுப்பினால் எண்கள் மங்காமல் போய்ச் சேரும். அனுப்புவதற்கு முன் அடையாள எண், கணக்கு எண், முகவரி ஆகியவற்றை ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துவிட வேண்டும். கணக்கைச் சரிபார்க்க அவற்றில் ஒன்றும் தேவைப்படாது.

வாங்கிய குறிப்பின் மின்னஞ்சல் கோப்பை அன்று மாலையே அத்தை தேடி எடுத்து அனுப்பினார். மடிப்பில் மறைந்திருந்த இரண்டாவது வரியில் 60 பங்குகள், விலை 8 480, மதிப்பு 5 088,00 என்று இருந்தது.